துண்டறிக்கை சொன்னதைப் படக்குறிப்பு திரும்பச் சொல்ல வேண்டுமா?

(இயக்கத் தோழர்களுக்கான பரப்புரைப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது மிகச் சிறிய ஒரு வேலையைப் பற்றி. ஒரு கூட்டத்துக்கோ போராட்டத்துக்கோ துண்டறிக்கையைப் படமாக வடிவமைக்கிறோம். பிறகு அதை முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடுகிறோம். போடும்போது படத்தோடு சேர்த்து நாலு வரி எழுதுகிறோம். அந்த நாலு வரியைத்தான் படக்குறிப்பு என்று இங்கே சொல்கிறேன்.

நம் பக்கங்களைக் கொஞ்சம் பின்னோக்கி உருட்டிப் பாருங்கள். படத்தில் "வெண்மணி நினைவு நாள் கருத்தரங்கம், டிசம்பர் 25, மாலை 4 மணி" என்று இருக்கும். கூடவே உள்ள குறிப்பிலும் "வெண்மணி நினைவு நாள் கருத்தரங்கம், டிசம்பர் 25, மாலை 4 மணி, அனைவரும் வாரீர்" என்று இருக்கும். அதற்குப் பிறகு பத்து ஹேஷ்டேக். படத்தைப் பார்த்தவர் ஏற்கெனவே அறிந்ததை மறுபடி படிக்கிறார். அடுத்த முறை நம் பக்கத்தில் குறிப்பைப் படிக்கத் தேவையில்லை என்று அவருக்கு நாமே பழக்கிவிடுகிறோம்.

அச்சுத் துண்டறிக்கை காலத்தை நினைத்துப் பார்ப்போம். பேருந்து நிலையத்திலோ தேநீர்க் கடை வாசலிலோ ஒரு தோழர் துண்டறிக்கை கொடுக்கிறார். கொடுக்கும்போது அவர் அதிலுள்ளதை வரி வரியாக ஒப்பிக்க மாட்டார். "அண்ணே, உங்க தெரு பட்டா விஷயத்தையும் பேசறோம், வந்துடுங்க" என்பார். "அக்கா, ஆறரைக்கெல்லாம் முடிஞ்சிடும், பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க" என்பார். தாளில் இருப்பது எல்லாருக்கும் பொதுவான செய்தி. கொடுப்பவர் வாயிலிருந்து வருவது எதிரில் நிற்கும் ஆளுக்கான செய்தி. படம் தாளின் இடத்துக்கு வந்துவிட்டது. தாளைக் கொடுத்தவரின் பேச்சு இருந்த இடத்துக்கு வந்திருப்பதுதான் படக்குறிப்பு. அந்த இடத்தில் நாம் தாளையே இன்னொரு முறை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

படத்தின் அருகில் இருக்கும் சொல் என்ன செய்யும் என்பதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் அது. அரசமைப்புச் சட்டம் என்னும் நத்தையின் மேல் அண்ணல் அம்பேத்கர் கையில் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. என்.சி.இ.ஆர்.டி. இதைப் பதினோராம் வகுப்புப் பாடநூலில் போட்டது. 2012இல் தோழர் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பிய பிறகு இது பெரிய விவாதமானது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பாடநூல் எழுதிய குறிப்பு, அரசமைப்புச் சட்டம் உருவாக ஏன் இவ்வளவு காலமானது என்கிற பக்கம் மாணவரைத் திருப்பியது. படத்தில் நத்தை இருக்கிறது. நத்தை என்றாலே மெதுவு. அதையே குறிப்பும் சொன்னது. ஓங்கிய சாட்டை யாரை நோக்கி இருக்கிறது, சுற்றி நின்று சிரிப்பவர்கள் யார் என்பதை அது பேசவில்லை. படம் சொன்னதையே திரும்பச் சொல்லும் குறிப்பு ஒன்றும் செய்யாமல் போவதில்லை. படத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று அது முடிவு செய்துவிடுகிறது.

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964இல் படங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், படத்தோடு வரும் சொல்லுக்கு இரண்டு வேலைகளைச் சொல்கிறார். ஒன்று நங்கூர வேலை. ஒரு படத்துக்குப் பல பொருள் இருக்க முடியும். சொல் அதில் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது. இன்னொன்று கைமாற்று வேலை. படம் பாதி சொல்கிறது, சொல் மீதியை எடுத்துக்கொண்டு போகிறது. நம் குறிப்புகள் இந்த இரண்டில் ஒன்றையாவது செய்ய வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். மேலே சொன்ன வெண்மணி நினைவு நாள் துண்டறிக்கையையே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். கறுப்புப் பின்னணி. நடுவில் எரியும் ஒரு குடிசை. மேலே 44 என்ற எண் பெரிதாக. கீழே மூன்று பேச்சாளர்களின் படம், தேதி, நேரம், இடம், தொடர்பு எண். நம் வடிவமைப்பாளர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் படத்தில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். தீ, குடிசை, 44, பேச்சாளர்கள், தேதி, இடம். வலப்பக்கம், இந்தப் படத்தை முதல்முறை பார்க்கும் ஒருவர் மனதில் எழும் கேள்விகளை எழுதுங்கள். இவர்கள் ஏன் எரிக்கப்பட்டார்கள்? எரித்தவர்களுக்கு என்ன ஆனது? இத்தனை ஆண்டு கழித்து இன்று ஏன் கூட வேண்டும்? உறுப்பினர் அல்லாதவர் வரலாமா? எத்தனை மணிக்கு முடியும்? குறிப்பு வலப்பக்கத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். இடப்பக்கத்தில் இருக்கும் எதையும் குறிப்பில் எழுதுவதற்கு உங்களிடம் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

இந்தப் படத்தில் ஒரு சிக்கல் இருப்பதையும் அந்தத் தாள் காட்டிவிடும். இடப்பக்கத்தில் இருப்பது முழுக்கச் சாவு. எரிந்த குடிசை, இறந்தோர் எண்ணிக்கை. நம் துண்டறிக்கைகள் பலவற்றில் தலித் மக்கள் சடலமாகத்தான் வருகிறார்கள். படம் அப்படி இருக்கும்போது குறிப்பும் "44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர்" என்று தொடங்கினால், அந்த மக்கள் இரண்டாவது முறையும் சடலமாகவே வருகிறார்கள். படம் காட்ட முடியாதது என்ன? தீக்கு முந்தைய நாட்கள். அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் வேளாண் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு கூலி உயர்வு கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தை விட்டு வெளியேறும்படி வந்த மிரட்டலுக்கு அவர்கள் பணியவில்லை. படம் காட்ட முடியாத இன்னொன்று தீக்குப் பிந்தைய ஆண்டுகள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார் தரப்பினரை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. செல்வந்தர்களான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. இவை இரண்டும் குறிப்புக்கு உரியவை. கூலி கேட்டவர்களாக, பணிய மறுத்தவர்களாக அந்த மக்களைத் திரும்ப நிறுத்துவது குறிப்பின் கையில் இருக்கிறது.

அடுத்து முதல் வரி. இன்ஸ்டாகிராமில் ஒரு குறிப்பு மொத்தம் 2200 குறிகள் வரை போகலாம். ஆனால் 'மேலும்' என்பதைத் தொடாமல் கண்ணில் படுவது ஏறத்தாழ முதல் 125 குறிகள்தான். திரைக்குத் திரை இது கொஞ்சம் மாறும். தமிழில் எழுதுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி நம் எழுத்தை எண்ணுவதில்லை, குறிகளை எண்ணுகிறது. 'ம' ஒரு குறி. 'ணி' இரண்டு குறி, ஏனென்றால் ண தனி, அதன் மேல் ஏறும் இகரக் குறி தனி. புள்ளி வைத்த 'ழ்' என்பதும் இரண்டு. 'கீழ்வெண்மணி' நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. ஆகவே 125 குறி என்பது தமிழில் எழுபது, எண்பது எழுத்துக்குள் முடிந்துவிடும். நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் இடத்தையும் முதலில் எழுதினால், அந்த எழுபது எழுத்தும் படத்தில் ஏற்கெனவே உள்ளதற்கே செலவாகிவிடும்.

சரி, முதல் வரியில் என்ன எழுதுவது? தேதியைப் பாருங்கள். டிசம்பர் 25. 1927இல் இதே நாளில் மகாத்தில் அண்ணல் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. 1968இல் இதே நாள் இரவு வெண்மணி எரிந்தது. படத்தில் இருக்கும் தீக்கு இப்போது இரண்டு பொருள் கிடைக்கிறது. இப்படி எழுதலாம்:

"ஒரே தேதி, இரண்டு தீ. 1927இல் மனுநூலுக்கு நாம் வைத்தது. 1968இல் நம் குடிசைக்கு அவர்கள் வைத்தது."

எண்ணிப் பார்த்தால் இடைவெளிகளையும் சேர்த்து 94 குறி. மடிப்புக்குள் அடங்கிவிடும். படத்தில் உள்ள எந்தச் சொல்லையும் இது திரும்பச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படித்தவர் கண்ணை உயர்த்தி மறுபடி அந்தத் தீயைப் பார்ப்பார். பார்த் சொன்ன கைமாற்று வேலை இதுதான்.

"நாம்", "அவர்கள்" என்று எழுதியிருக்கிறேனே, சரியா என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. மகாத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்தும் தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பார்ப்பனர். ஆகவே இந்த "நாம்" பிறப்பைக் குறிக்கவில்லை, நிற்கும் பக்கத்தைக் குறிக்கிறது. அப்படி விளக்கம் சொல்ல முடிந்ததால் அந்தச் சொல்லை வைத்துக்கொள்கிறேன். விளக்க முடியாத "நாம்" வந்தால் எடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். கூட்டத்தில் மகாத் பற்றி உண்மையிலேயே யாராவது பேசுகிறார்களா? இல்லையென்றால் எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் அதைப் போடக் கூடாது. குறிப்பை நம்பி வருபவர் கூட்டத்தில் ஏமாறக் கூடாது. எழுதியதும் ஏற்பாட்டாளருக்கு அனுப்பி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் வரிக்குப் பிறகு குறிப்பு இப்படிப் போகலாம்:

"வெண்மணியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அது கூலி கேட்ட தெரு, சங்கத்தை விட்டு விலக மறுத்த தெரு என்பதை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பகுதிகளை ஒன்றாக உட்கார்ந்து படிக்கப் போகிறோம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, எந்த அமைப்பிலும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. குழந்தைகளோடு வரலாம். ஆறரைக்கு முடித்துவிடுவோம், ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கலாம்."

இங்கே "அனைவரும் வாரீர்" இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'ஊர்ப் பொது' என்று சொல்லப்பட்ட கிணற்றிலும் குளத்திலும் நமக்கு இடமில்லாமல் இருந்த வரலாறு நமக்குத் தெரியும். "அனைவரும்" என்று சொல்லும்போது அதில் தான் உண்டா என்று ஒருவர் சந்தேகப்படுவது இயல்பு. அதிலும் முதல்முறை வரும் ஒரு பெண், கல்லூரிக்குப் புதிதாக வந்த ஒரு மாணவர், கூட்டம் என்றாலே கட்சிக்காரர்களுக்கு என்று நினைக்கும் ஒரு தொழிலாளி. இவர்களுக்கு "அனைவரும்" போதாது. உறுப்பினர் தேவையில்லை, குழந்தைகளோடு வரலாம், இத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லும்போதுதான் கதவு திறந்திருப்பது தெரியும்.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். தேதியையும் இடத்தையும் குறிப்பில் எழுதவே கூடாதா? எழுத வேண்டும். கடைசியில், ஒரே வரியில், எழுதியே ஆக வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்து கணினிக்கு வெறும் படம். பார்வையற்ற தோழர் ஒருவர் டாக்பேக் வைத்துக் கேட்கும்போது அந்த எழுத்து பெரும்பாலும் அவருக்கு எட்டாது. தேடினாலும் பெரும்பாலும் சிக்காது. இடத்தின் பெயரை எளிதில் நகலெடுத்து வரைபடத்தில் போட முடியாது, தொடர்பு எண்ணை எளிதில் தொட்டு அழைக்க முடியாது. ஆகவே இந்த ஒரு வரி திரும்பச் சொல்வதாக இருந்தாலும் அதற்கு வேலை இருக்கிறது. துண்டறிக்கையின் முழு எழுத்தையும் கொடுக்க வேண்டிய இடம் ஆல்ட் டெக்ஸ்ட். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது. எரியும் குடிசை, கறுப்புப் பின்னணி என்பது முதல் பேச்சாளர் பெயர்கள் வரை அங்கே எழுதுங்கள். அங்கே எழுதிவிட்டால், குறிப்பில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டிய கட்டாயம் போய்விடும்.

அதேபோல் குறிப்பில் மட்டும் இருக்கக் கூடாதவையும் உண்டு. நம் படங்கள் குழுவிலிருந்து குழுவுக்குத் தாவும்போது குறிப்பு பல நேரம் கழன்றுவிடுகிறது. படத்தை மட்டும் சேமித்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள், திரையைப் பிடித்து நிலைத்தகவலாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். நேரம் 4 மணியிலிருந்து 5 மணிக்கு மாறியது, படத்தை மாற்ற நேரமில்லை, குறிப்பில் மட்டும் திருத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு கழன்ற பிறகு பழைய நேரம்தான் ஊர் சுற்றும். படத்தில் ஆண்டும் கிழமையும் இல்லையென்றால் அடுத்த டிசம்பரிலும் அதே படம் உயிரோடு வரும். விவரம் மாறினால் படத்தை மாற்றுங்கள். குறிப்பு கழன்றாலும் ஆள் சரியான நேரத்துக்கு வந்து சேர வேண்டும். குறிப்பைப் படித்தவர் ஏன் வர வேண்டும் என்று தெரிந்து வர வேண்டும்.

கடைசியாக, வன்கொடுமைகளுக்கு எதிரான கண்டனக் கூட்டத் துண்டறிக்கைகளைப் பற்றி. இங்கே குறிப்பு படத்தோடு முரண்படுவதுதான் பெரிய ஆபத்து. படத்தில் "சாதிய வன்கொடுமையைக் கண்டிக்கிறோம்" என்று இருக்கும். குறிப்பை எழுதுபவர் அவசரத்தில் ஒரு செய்தியிலிருந்து எடுத்து ஒட்டுவார். அதில் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று இருக்கும். தாக்கியவர், தாக்கப்பட்டவர் என்ற வேறுபாடே அந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறது. "சம்பவம்" என்ற சொல்லும் அப்படித்தான். அது தானாக நடந்தது போல் ஒலிக்கும். யார் செய்தார்கள் என்று சொல்லும் வாக்கியம் எழுதுங்கள். "தாக்கப்பட்டார்" என்று முடிக்காமல் யார் தாக்கியது, எதற்காகத் தாக்கியது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருக்கிறதா, இல்லையா என்பதைச் சரிபார்த்து எழுதுங்கள். படத்தில் முழக்கத்துக்குத்தான் இடம் இருக்கும். வழக்கின் நிலையைச் சொல்லக் குறிப்பில் இடம் இருக்கிறது.

பாலியல் வன்கொடுமை வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளம் தெரியும் விவரங்களையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். நாம் படத்தில் பெயரைப் போடாமல் கவனமாக இருந்துவிட்டு, குறிப்பில் "இன்ன ஊர், இன்ன பள்ளி, இன்னார் மகள்" என்று எழுதினால் படத்தில் காத்ததைக் குறிப்பில் உடைத்துவிடுகிறோம். தனித்தனியாகப் பார்த்தால் படமும் சரி, குறிப்பும் சரி என்று தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் யார் என்று தெரிந்துவிடுவது புரியும். ஆகவே வெளியிடும் முன் எப்போதும் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

எழுதியது சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியிட்ட பிறகு வரும் கேள்விகளைப் பாருங்கள். "எத்தனை மணிக்கு, எந்த இடம்" என்று கேட்டால் துண்டறிக்கையில் குறை. "நான் வரலாமா, என்ன நடக்கும்" என்று கேட்டால் குறிப்பில் குறை. "வருகிறேன், அந்தத் தீர்ப்பு எங்கே கிடைக்கும்" என்று ஒருவர் கேட்டால், துண்டறிக்கையைக் கையில் கொடுத்த தோழரின் வேலையை நம் நாலு வரி செய்துவிட்டது என்று பொருள்.

இடைவேளைக்குப் பிறகு நீங்கள் கொண்டுவந்திருக்கும் துண்டறிக்கைகளை எடுத்து வையுங்கள். தாளில் கோடு போட்டு, வலப்பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.